நிரப்பும் குழாயும் காலியாக்கும் குழாயும்: பின்ன முறையா, அலகு முறையா?

ஒரு குழாய் தொட்டியை 4 மணி நேரத்தில் நிரப்பும்; மற்றொன்று நிறைந்த தொட்டியை 6 மணி நேரத்தில் காலியாக்கும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால், பின்ன முறையில் 1/4 − 1/6 = 1/12, அதாவது 12 மணி நேரம். அலகு முறையில் மீச்சிறு பொது மடங்கான 12-ஐத் தொட்டியின் கொள்ளளவாகக் கொண்டால், மணிக்கு 3 அலகு வரவு, 2 அலகு செலவு, மிச்சம் 1. விடை அதே 12.

நிரப்பும் குழாயில் தொடங்கி, ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாக மாறி மாறித் திறக்கும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. இரண்டு மணிக்கு 1/12 பங்கு என்ற பின்னத்தை மட்டும் பார்ப்பவர் 24 மணி நேரம் என்று எழுதிவிடுவார். அலகுகளில் எண்ணினாலோ, 18 மணி நேர முடிவில் 9 அலகு சேர்ந்திருப்பதும், 19-ஆம் மணியில் வரும் 3 அலகால் தொட்டி நிறைந்துவிடுவதும், அதன்பின் காலியாக்கும் குழாய்க்கு முறையே வராததும் கண்முன் தெரியும். இவ்வகைக் கணக்குக்கு அலகு முறையையே நான் பரிந்துரைப்பேன்.

ஆனால் நேரங்களே தெரியாமல், காலியாக்க 2 மணி நேரம் கூடுதலாகும், இரண்டும் திறந்தால் 12 மணி நேரத்தில் நிறையும் என்று மட்டும் கொடுத்தால், பொது மடங்கு காண எண்களே இல்லை; அங்கே 1/x − 1/(x+2) = 1/12 என்ற பின்னச் சமன்பாடுதான் x = 4 என்ற விடைக்கு நேராக இட்டுச்செல்லும்.