'18% வட்டி' என்று மட்டும் எழுதுவதா, கணக்கையே காட்டுவதா?

பராமரிப்புக் கட்டண பாக்கிக்கு நோட்டீஸ் எழுதும்போது குடியிருப்புச் சங்கச் செயலாளர் முன்னால் இரண்டு வரைவுகள் நிற்கும்.

முதலாவது: "பாக்கி வைத்திருப்பவர்கள் உடனடியாக 18% வட்டியுடன் செலுத்தவும். தவறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்."

இரண்டாவது: "உங்கள் வீட்டுக்கு ஏப்ரல், மே, ஜூன் கட்டணம் 12,000 நிலுவையில் உள்ளது. ஒவ்வொரு மாதக் கட்டணத்துக்கும் அதன் கெடு தேதியிலிருந்து மாதம் 1.5% தனிவட்டி. ஜூலை 10 வரை வட்டி 360. மொத்தம் 12,360."

முதல் வரைவு சுருக்கமானது, எல்லோருக்கும் ஒரே தாள் போதும். ஆனால் அந்த 18% வருடத்துக்கா, மாதத்துக்கா? முழுப் பாக்கிக்குமா, மாதவாரியாகவா? சண்டை தொடங்குவது இங்கேதான்.

மாதம் 4,000, கெடு 10-ஆம் தேதி என்று வைத்துப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் கட்டணம் மூன்று மாதம் தாமதம், வட்டி 180. மே இரண்டு மாதம், 120. ஜூன் ஒரு மாதம், 60. ஆக 360. இதையே 12,000-க்கு மூன்று மாத வட்டி என்று மொத்தமாகப் போட்டால் 540 வரும். ஜூன் கட்டணம் ஏப்ரலிலேயே பாக்கி விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. இப்படிக் கூடுதலாக ஏறிய 180-ஐக் குடியிருப்பவர் கண்டுபிடித்துவிட்டால், நியாயமான 12,000-ஐயும் சேர்த்து நிறுத்திவைப்பார். அதனால் என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான்.

அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒருவர் 5,000 மட்டும் கட்டினால்? முதலில் வட்டிக்கு வரவு வைத்தால் அசல் 7,360 நிற்கும். முதலில் அசலுக்கு வைத்தால் அசல் 7,000, வட்டி 360. இன்றைக்கு இரண்டும் மொத்தம் ஒன்றுதான், ஆனால் அடுத்த மாத வட்டி அசலைப் பார்த்துத்தான் ஓடும். சங்க விதி எதைச் சொல்கிறதோ அதை ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். வட்டி விகிதத்துக்கும் அப்படித்தான்: எந்த விதி அல்லது எந்தத் தேதி பொதுக்குழுத் தீர்மானம் என்று குறிப்பிட்டால்தான் அது கமிட்டியின் சொந்த முடிவு இல்லை என்று தெரியும்.

"கடும் நடவடிக்கை"யை நான் அடித்துவிடுவேன். விதியில் இல்லாத ஒன்றை மிரட்டலாக எழுதினால், நாளைக்கு அந்தத் தாளே சங்கத்துக்கு எதிராக நிற்கும். விதியில் இருந்தால் அதை அப்படியே எழுதலாம்.

முதல் வரைவைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. வட்டியையும் மிரட்டலையும் எடுத்துவிட்டு, "10-ஆம் தேதிக்குள் செலுத்தவும்" என்ற பொது நினைவூட்டலாக அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். வீட்டு எண்ணும் பாக்கித் தொகையும் உள்ள தாள் பலகைக்குப் போகக் கூடாது, அந்தந்த வீட்டுக்குத் தனியாகப் போக வேண்டும். அதன் கடைசி வரி இப்படி இருக்கட்டும்: "ஏற்கனவே செலுத்தியிருந்தால், அல்லது கணக்கில் பிழை இருந்தால், ரசீதுடன் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும், சரிபார்த்துத் திருத்தித் தருகிறோம்."