மூக்குக்கண்ணாடி மாறியதும் மானிட்டரையும் இறக்க வேண்டியிருந்தது: இரண்டேகால் வருட அனுபவம்

எனக்கு வயது 47. மண்ணடியில் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்துக்கு ஆவணம் தயாரிக்கும் வேலை. வாரத்தில் நான்கு நாள் ராயபுரம் வீட்டில் இருந்தே செய்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் காகிதமாகப் பக்கத்தில் இருக்கும். அதைப் பார்த்துத் திரையில் ஏற்றி, ஒவ்வொரு எண்ணையும் சரிபார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் 24 அங்குல மானிட்டர் முன்னால்தான்.

பல வருடமாக ஒரே அமைப்பில்தான் வேலை செய்தேன். எல்லாரும் சொல்கிற விதிப்படி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி மானிட்டருக்கு அடியில் இரண்டு பழைய கணக்குப் பேரேடுகளை வைத்திருந்தேன். எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டேகால் வருடத்துக்கு முன்னால் முதன்முறையாக, தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒன்றாகவே வரும் புரோகிரசிவ் கண்ணாடி வாங்கினேன். மூன்றாவது வாரத்திலேயே பிடரியில், மண்டையோடு கழுத்து சேருகிற இடத்தில், ஒரு கனமான வலி. சாயங்காலம் ஆனால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும்.

நான் செய்த முதல் தவறு, மானிட்டர் இன்னும் தாழ்வாக இருக்கிறது என்று நினைத்து மூன்றாவது பேரேட்டையும் அடியில் கொடுத்தது. வலி கூடியது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் என் மனைவி. "என்னங்க, அண்ணாந்து பாத்துக்கிட்டே டைப் அடிக்கிறீங்க? மோவாய் எங்கயோ போவுது" என்றார். பக்கவாட்டில் இருந்து போனில் ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. கூரையில் பல்லி தேடுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

புரோகிரசிவ் கண்ணாடியில் மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி படிப்பதற்கு. கையெட்டுகிற தூரத்துக்கான பவர் இரண்டுக்கும் நடுவில், ஒரு குறுகலான பட்டையில் மட்டும்தான் இருக்கிறது. திரை கண் மட்டத்தில் இருந்தால் பார்வை கண்ணாடியின் மேல்பகுதி வழியாகப் போகும், எழுத்து மங்கும். நம்மை அறியாமலேயே மோவாயைத் தூக்கி, அந்த நடுப்பட்டையைத் திரைக்கு நேராகக் கொண்டுவந்துவிடுவோம். நாள் முழுக்கத் தலை பின்னால் சாய்ந்தே இருப்பதால் பிடரித் தசை இறுகுகிறது. ஆக, "மேல் விளிம்பு கண் மட்டத்தில்" என்ற விதி கண்ணாடி போடாதவருக்கும், ஒரே பவர் கண்ணாடி போட்டவருக்கும் பொருந்தும். புரோகிரசிவ், பைஃபோகல் போட்டவர் திரையை அதைவிடத் தாழ்த்தத்தான் வேண்டும்.

உங்களுக்கும் இதே சிக்கல்தானா என்று அறிய ஒரு சோதனை உண்டு. கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, தலையை அதற்குச் சுகமான நிலையில் நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து திரையின் நடுவில் உள்ள ஒரு வரியைப் படித்துக்கொண்டே மோவாயை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். எழுத்து மிகத் தெளிவாகத் தெரிகிற இடம், கழுத்து சுகமாக இருந்த இடத்தில் இருந்து விலகியிருந்தால் திரை தப்பான உயரத்தில் இருக்கிறது. மோவாய் மேலே போனால்தான் தெளிவு என்றால் திரையை இறக்க வேண்டும்.

பேரேடுகள் எல்லாவற்றையும் எடுத்தேன். அப்போதும் போதவில்லை. என் மானிட்டர் ஸ்டாண்டை எவ்வளவு இறக்கினாலும் திரையின் கீழ் விளிம்பு மேசைக்கு 9 சென்டிமீட்டர் மேலேயே நின்றது. திரைதான் இறங்கவில்லை, நாமாவது ஏறுவோம் என்று நாற்காலியை 5 சென்டிமீட்டர் உயர்த்தினேன். கால் அந்தரத்தில் தொங்கக்கூடாது என்பதற்காகப் பாதத்துக்கு அடியில் வீட்டில் கிடந்த மணைப்பலகையைப் போட்டேன். இப்போது என் கண் மேசைக்கு 48 சென்டிமீட்டர் மேலே, திரையின் நடு 24 சென்டிமீட்டர் மேலே. கண்ணில் இருந்து திரை 65 சென்டிமீட்டர் தள்ளி. இந்தக் கணக்கில் திரையின் நடுவைப் பார்க்கப் பார்வை சுமார் 20 டிகிரி கீழே இறங்குகிறது. பொதுவாகச் சொல்வது 15 முதல் 20 டிகிரி. புரோகிரசிவ் போட்ட எனக்கு மேல் எல்லைதான் ஒத்துவந்தது.

இதில் கண்ணுக்கும் ஒரு நன்மை கிடைத்தது. அண்ணாந்து பார்க்கும்போது இமை அகலத் திறந்திருக்கும், கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உலரும். கீழே பார்த்தால் மேலிமை பாதி மூடிக் காக்கிறது. மணல் உறுத்தல் பாதி இதனால் குறைந்தது. மீதிப் பாதிக்குக் காரணம், முகத்துக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்த டேபிள் ஃபேன். அதை முதுகுப் பக்கம் திருப்பினேன். நம் ஊர் மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் முடியாது, ஆனால் காற்று கண்ணில் அடிக்கக்கூடாது.

அடுத்தது சாய்வு. திரையை இறக்கியதும் அதன் மேல்பகுதி கண்ணுக்குக் கிட்டவும் கீழ்ப்பகுதி எட்டவும் போய்விடும். நாம் புத்தகத்தைக் கையில் சாய்த்துப் பிடிப்பது போலத் திரையின் மேல் விளிம்பு பின்னால் போக வேண்டும். பார்வை எத்தனை டிகிரி இறங்குகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி சாய்த்தால் திரை பார்வைக்குச் செங்குத்தாக நிற்கும். போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலியைத் திரையின் பக்கவாட்டு விளிம்பில் வைத்து 20 டிகிரி சாய்த்தேன். பெரும்பாலான ஸ்டாண்டுகள் அதற்கு மேல் சாயாது.

சாய்த்த அன்று ராத்திரி புதுத் தலைவலி. திரையின் மேல் பாதியில், சரியாக எக்செல் தலைப்பு வரிசை இருக்கும் இடத்தில், வெள்ளைக் கோடாக ஒரு ட்யூப்லைட். எனக்குப் பின்னால் சுவரில், ஏழடி உயரத்தில் அது எப்போதும் அங்கேயேதான் இருந்தது. திரை ஏறக்குறைய நேராக நின்றவரை என் தலையும் பின்சுவரின் இருட்டும்தான் அதில் தெரிந்தன. சாய்த்ததும் முகம் பார்க்கும் கண்ணாடி போல அது மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டது. அந்தக் கோட்டைத் தவிர்க்க நானும் தலையைக் கோணலாகச் சாய்த்து உட்கார ஆரம்பித்தேன். இந்த முறை வலி கழுத்தின் இடப்பக்கம். இதைக் கண்டுபிடிக்க மானிட்டரை அணைத்துவிட்டு அந்தக் கறுப்புத் திரையைப் பாருங்கள். என்னென்ன விளக்கு, ஜன்னல் தெரிகிறதோ அத்தனையும் வேலை நேரத்திலும் கண்ணில் விழுந்துகொண்டிருக்கிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து ட்யூப்லைட்டை இடப்பக்கச் சுவருக்கு மாற்றினேன். மாற்ற முடியாதவர்கள் சாய்வை ஐந்து டிகிரி குறைத்துக்கொள்வது நல்லது. எழுத்து அந்த அளவுக்குக் கெடாது, பிரதிபலிப்புதான் அதிகம் கெடுக்கும்.

ஜன்னல் விஷயத்தில் எனக்கு அதிர்ஷ்டம். மேசை வடக்குச் சுவரை ஒட்டி, ஜன்னல் வலப்பக்கம் கிழக்கே. ஜன்னல் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கடல் பக்கத்து வெயில் காலை பத்து மணி வரை நேராக உள்ளே வரும். அதுவரை ஒரு வெளிர் நிறப் பருத்தித் திரைச்சீலை போதும்.

பிரைட்னஸ் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் அது கழுத்தையும் பாதிக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஒரு மாதம் பிரைட்னஸை 10-இல் வைத்திருந்தேன். வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிகிறது, விரிந்தால் தெளிவாகத் தெரியும் தூரத்தின் எல்லை சுருங்குகிறது. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது பெரிய இழப்பு. 3-ஆ 8-ஆ என்று பார்க்க நான் முன்னால் குனிய ஆரம்பித்தேன். சாயங்காலம் நான்கு மணிக்குக் கையை நேராக நீட்டிப் பார்த்தால் விரல் நுனி தொட வேண்டிய இடத்தில் உள்ளங்கையே திரையில் இடித்தது. உயரம், தூரம், சாய்வு எல்லாம் அளந்து வைத்தும், திரை மங்கலாக இருந்ததால் அத்தனையும் வீணாகிக்கொண்டிருந்தது.

இப்போது நான் எண்ணைப் பார்த்து வைப்பதில்லை. ஒரு வெள்ளை இன்வாய்ஸ் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் வெற்றுப் பக்கத்தைத் திறப்பேன். திரை விளக்கு போல ஒளிர்ந்தால் குறைப்பேன், தாளைவிடச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கூட்டுவேன். இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தால் சரி. என் மானிட்டரில் பகலில் அது 45-க்கு வருகிறது, ராத்திரி 25-க்கு. உங்கள் மானிட்டரில் எண் வேறாக இருக்கும். தாளே மங்கலாகத் தெரிந்தால் அறை வெளிச்சம்தான் போதவில்லை, விளக்கைப் போடுங்கள். என்னைப் போலக் காகிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பவருக்கு இது ரொம்ப முக்கியம், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் கண் வேறு வெளிச்சத்துக்குப் பழக வேண்டும். காகிதத்தையும் மேசையில் படுக்கப் போடாமல், திரைக்குப் பக்கத்தில் ஒரு தாங்கியில் நிறுத்தியிருக்கிறேன். அப்புறம், விண்டோஸில் Scale அளவை 125% ஆக்கினேன். 65 சென்டிமீட்டரில் இருந்து குனியாமல் படிக்க அது தேவைப்பட்டது.

இப்படி ஒரு வருடம் ஓடியது. பிடரி வலி வாரத்தில் ஐந்து நாளில் இருந்து ஒரு நாளாகக் குறைந்தது. முழுவதும் போகவில்லை. நடுப்பட்டை குறுகலானது என்பதால் அகலமான எக்செல் தாளின் ஓரங்களைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினால் மங்கும். தலையையே திருப்ப வேண்டும். எவ்வளவு அளந்து வைத்தாலும் மானிட்டரால் இதைச் சரிசெய்ய முடியாது.

பதினான்காவது மாதம், எம்.சி. ரோடு பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் இதைச் சொன்னேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "சார், கண்ணுக்கும் மானிட்டருக்கும் எவ்வளவு தூரம்? அளந்து வந்தீங்களா?" நல்லவேளை அளந்திருந்தேன். படிக்கும் பவரை வழக்கமாக 40 சென்டிமீட்டருக்குத்தான் பார்ப்பார்களாம். என் படிக்கும் பவர் +1.75. 65 சென்டிமீட்டரில் எழுத்து அட்டையைப் பிடித்துச் சோதித்ததில் +1.00 போதும் என்று வந்தது. அந்த ஒரே பவரில் ஒரு கண்ணாடி செய்தேன். இது மேசைக்கு மட்டும்தான். தூரம் மங்கலாகத் தெரியும், இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது, மாடிப்படியும் இறங்கக்கூடாது.

புதுக் கண்ணாடி வந்த அன்றே மோவாய்ச் சோதனையைத் திரும்பச் செய்தேன். இப்போது எந்தப் பகுதி வழியாகப் பார்த்தாலும் தெளிவு, அதனால் அவ்வளவு தாழ்வு தேவைப்படவில்லை. பழைய அளவிலேயே விட்டிருந்தால் தலை முன்னால் தொங்கியிருக்கும். 6 சென்டிமீட்டர் மரக்கட்டை ஒன்றை ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தேன். பார்வை 15 டிகிரி இறங்கும் நிலை, சாய்வும் 15. மேல் விளிம்பு கண்ணுக்குச் சற்றுக் கீழே. நாற்காலியும் மணைப்பலகையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

பதின்மூன்று மாதமாக இதே அமைப்புதான். மாதக் கடைசியில் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் மட்டும் கழுத்து இறுகுகிறது. எழுந்து மொட்டை மாடிக்குப் போய்த் துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்துவிட்டு வந்தால் விட்டுவிடுகிறது. என்னோடு வேலை செய்யும் ஒருவருக்குக் கழுத்து வலியோடு விரல்களும் மரத்துப்போயின. அவரிடம் மானிட்டரைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை, முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றுதான் சொன்னேன். அடுத்த மாதம் எனக்குக் கண் பரிசோதனை இருக்கிறது. பவர் மாறினால் அளவு நாடாவைத் திரும்ப எடுக்க வேண்டும்.