அல்பாவைத் தவிர மற்றதெல்லாம் நல்லது: மூன்று காரணி ரிக்ரெஷனோடு சில வருடங்கள்

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் ஒரு எக்செல் கோப்பை அனுப்பிவிட்டு, "இந்த பண்ட் பத்து வருசமா எஸ் அண்ட் பி 500க்குப் பின்னாலதான் நிக்குது. விக்கட்டோ?" என்று கேட்டான். அமெரிக்கச் சிறு நிறுவனங்களில், அதுவும் மலிவாகக் கிடைக்கும் பங்குகளில் போடுகிற பண்ட் அது. கொக்குவிலில் இருந்துகொண்டு இந்த வேலையைக் கனகாலமாகப் பொழுதுபோக்காகச் செய்கிறேன் என்பதால் இப்படியான கேள்விகள் என்னிடம்தான் வரும். அவனுக்கு எழுதிய பதிலையே கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன்.

இதற்கு நான் பாவிப்பது பொருளியலாளர்களான ஃபாமாவும் பிரெஞ்சும் 1993இல் கொண்டுவந்த முறைதான். பண்டின் மாத வருவாயில் இடரற்ற வட்டியைக் கழித்து, அதைச் சந்தை, அளவு, மதிப்பு என்ற மூன்று காரணிகள்மேல் ரிக்ரெஷன் ஓட்டுவது, அதாவது ஒவ்வொரு காரணியும் அசையும்போது பண்ட் எவ்வளவு அசைகிறது என்று கணக்கிடுவது. காரணிகள் கென்னத் பிரெஞ்சின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோப்பு சதவீதத்தில் இருக்கும், மாத வரிசைகளுக்குக் கீழே ஆண்டு வரிசைகளும் ஒட்டியிருக்கும், எல்லாம் அமெரிக்க டொலரில். மச்சானின் அறிக்கை கனேடிய டொலரில் இருந்ததால் முதலில் அதை மாற்ற வேண்டியிருந்தது.

எக்செலில் நான் பாவிப்பது இந்த ஒரு வரிதான்:

```
=LINEST(F2:F121, B2:D121, TRUE, TRUE)
```

B, C, D நிரல்களில் Mkt-RF, SMB, HML. முதலாவது வட்டி கழித்த சந்தை வருவாய், SMB சிறு நிறுவனப் பங்குகள் பெரியவற்றைவிட எவ்வளவு கூடத் தந்தன என்பது, HML மலிவான மதிப்புப் பங்குகள் விலைகூடியவற்றைவிட எவ்வளவு கூடத் தந்தன என்பது. F நிரலில் வட்டி கழித்த பண்ட் வருவாய். விடை தலைகீழாக வரும். இடது ஓரத்தில் HML, பிறகு SMB, பிறகு சந்தை, கடைசியில்தான் அல்பா, அதாவது மூன்று காரணிகளும் விளக்காமல் மிஞ்சும் வருவாய், முகாமையாளரின் கெட்டித்தனம் என்று சொல்லப்படுவது. யார் இப்படி வடிவமைத்தார்களோ தெரியாது, அவர்களுக்குப் புண்ணியம் கிடையாது. மச்சானும் தானே ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறான். முதல் எண் 0.42 என்று கண்டவுடன், "சந்தை விழுந்தா இது பாதிகூட விழாது" என்று அவனுக்குப் பெரிய சந்தோஷம். அந்த 0.42 மதிப்புக் காரணியின் எண். பங்குகளில் மட்டுமே போடுகிற பண்டுக்குச் சந்தைக் குணகம் 1க்குக் கிட்ட வராவிட்டால், பண்டைச் சந்தேகிக்கமுதல் நிரல் வரிசையைச் சந்தேகிக்க வேண்டும்.

சரியாக வாசித்தால் 120 மாதங்களுக்கு இப்படி வந்தது: சந்தை 0.98, SMB 0.78, HML 0.42. இந்த இடத்தில்தான் எனக்கு இந்த முறைமேல் இன்னும் ஆசை போகவில்லை. பண்ட் நிறுவனத்தின் வண்ணப் புத்தகம் எதைச் சொன்னாலும், காசு எங்கே கிடக்கிறது என்பதை வெறும் வருவாய் எண்களே காட்டிக்கொடுத்துவிடுகின்றன. SMBயின் நியம வழு, அதாவது அந்த எண் எவ்வளவு தவறியிருக்கலாம் என்பதன் அளவு, 0.04தான், ஆகவே 0.78 என்பதை நம்பிக் கதைக்கலாம். மச்சானின் கேள்விக்குப் பாதிப் பதிலும் இதிலேயே இருக்கிறது. ஒரு காலப்பகுதியில் SMB மாதம் சராசரி −0.1, HML −0.2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 0.78ஐயும் 0.42ஐயும் அவற்றால் பெருக்கிக் கூட்டினால் மாதம் −0.16, வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம். சந்தைக்குப் பின்னால் நிற்க இதுவே போதும். முகாமையாளர் ஒரு பிழையும் விடத் தேவையில்லை. 2010களில் மதிப்புப் பங்குகள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். சிறு மதிப்புப் பங்கு வேண்டும் என்று வாங்கியவன், அது சிறு மதிப்புப் பங்குபோல நடந்ததற்காகக் கோபிக்கக்கூடாது.

இனி அல்பா. மாதம் −0.13, நியம வழு 0.11. வருடக் கணக்கில் −1.6 சதவீதம் என்று எழுதினால் பயங்கரமாகத் தெரியும். வழுவையும் இரண்டு மடங்காக்கி இரு பக்கமும் வைத்தால் −4.2இலிருந்து +1.1வரை எதுவும் இருக்கலாம். பத்து வருடத் தரவைப் போட்டுவிட்டு, "ஆள் மோசமாகவும் இருக்கலாம், கெட்டிக்காரனாகவும் இருக்கலாம்" என்று பதில் வாங்குவதற்கு நல்லூர் வீதியில் கிளி சாத்திரம் கேட்கலாம். இதே −0.13 இப்படியே தொடர்ந்தால், வழு அதில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 29 வருடத் தரவு வேண்டும். நாளாந்தத் தரவைப் போட்டால் சரிவராதா என்று கேட்பார்கள். அதில் குணகங்கள்தான் கூர்மையாகும். அல்பா சராசரியைப் பற்றியது. அதற்கு எத்தனை வரிசை என்பது முக்கியமில்லை, எத்தனை வருடம் என்பதுதான் முக்கியம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குக் கனகாலமாக எரிச்சல் தருவது வேறொன்று: யாரும் எதையும் தெரிந்தெடுக்காத சுட்டெண்ணுக்கும் இந்த முறை அல்பா கொடுக்கிறது! கிரெமர்ஸ், பெட்டாஜிஸ்டோ, ஸிட்சேவிட்ஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்களும், அண்மையில் ஏறிய பங்குகள் தொடர்ந்து ஏறுகிற உந்துவிசையையும் சேர்த்த நான்கு காரணி மாதிரியைக் கொண்டு இதைக் காட்டினார்கள். 1980 முதல் 2005 வரை எஸ் அண்ட் பி 500க்கு வருடம் +0.82 சதவீதம், சிறு நிறுவனச் சுட்டெண்ணான ரசல் 2000க்கு −2.41. இரண்டும் வெறும் பட்டியல்கள்.

ஒரு காரணம் காரணிகள் கட்டப்பட்ட விதம். பங்குகளை அளவால் இரண்டாகவும், புத்தக மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள விகிதத்தால் மூன்றாகவும் பிரித்து ஆறு பெட்டிகள் செய்கிறார்கள். பெட்டிக்குள்ளே பெரிய பங்குக்குப் பெரிய நிறை. ஆனால் பெட்டிகளுக்கிடையில் எல்லாம் சமம். HMLஇல் சிறிய மதிப்புப் பெட்டிக்கும் பெரிய மதிப்புப் பெட்டிக்கும் ஒரே பங்கு, சந்தையில் சிறியவற்றின் பெறுமதி கொஞ்சம்தான் என்றாலும். சுட்டெண் அப்படி நிறையிடுவதில்லை. பொருந்தாத மிச்சமெல்லாம் அல்பா என்ற நிரலில் வந்து விழுகிறது.

அதனால் இப்போது தனி அல்பாவை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதே வகையான மலிவுச் சுட்டெண் பண்ட் ஒன்றை எடுத்து, அதே 120 மாதத்துக்கு அதே ரிக்ரெஷனை ஓட்டுவேன். மச்சானுக்கு அப்படிச் செய்தபோது சுட்டெண் பண்டின் அல்பாவே −0.07. முகாமையாளர் கணக்கில் மிஞ்சியது மாதம் −0.06, வருடத்துக்கு 0.7. இரண்டு பண்டுகளின் கட்டண வித்தியாசமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டின் வருவாய் வித்தியாசத்தையே நேரடியாக F நிரலில் போட்டால் பொதுவான ஆட்டம் கழிந்து, வழு 0.05க்கு இறங்குகிறது. இறங்கியும் −0.06 தனக்குரிய வழுவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இவ்வளவு மினக்கெட்டும் நிச்சயமாகச் சொல்லக்கூடியது கட்டணம் ஒன்றுதான், அது பண்டின் விளக்கக் கோப்பில் ஏற்கனவே அச்சடித்திருக்கிறது.

உள்ளூர் பண்டுகளுக்கு இதைப் பாவிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கொழும்புச் சந்தைக்கென்று தனிக் கோப்பு அந்தத் தளத்தில் இல்லை. வளர்முகச் சந்தைக் காரணிகளைப் போட்டால் 2022இல் ரூபாய் விழுந்த மாதங்கள் ரிக்ரெஷனை இழுத்துக்கொண்டு போய்விடும். வேண்டாம்.

மச்சானுக்குச் சொன்னது: சிறு மதிப்புப் பங்கில் இருக்க இன்னும் விருப்பமென்றால் மலிவான பண்டுக்கு மாறு, விருப்பமில்லையென்றால் வில், அல்பாவைப் பார்த்து விற்காதே. முறைக்கு என் மதிப்பீடு இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு, அந்த இரண்டும் SMBக்கும் HMLக்கும். இலவசம் என்பதால் காசைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. அடுத்த மாத எண்கள் ஏறியதும் கோப்பை இறக்கி மறுபடி ஓட்டத்தான் போகிறேன்.