ஏற்காட்டு வீட்ல ஸ்ட்ரீமிங் ஸ்டிக், ரெண்டு வருஷ அனுபவம்: சத்தம் வருது, படம் வரல

ஏற்காட்டு வீட்ல ஹால் டிவிக்கு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, முதல் வருஷம் ஒரு குறையும் இல்ல. அப்புறம் அம்மா சமையல் பண்ணிட்டே சீரியல் பார்க்கட்டும்னு சேலம் போயி, ஒரே ஸ்டிக்கோட படத்தை ரெண்டு ஸ்க்ரீனுக்கும் பிரிச்சுக் குடுக்கிற ஒரு எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரும், பழைய மானிட்டர்ல சொருக ஒரு விஜிஏ கன்வர்ட்டரும் வாங்கி, சும்மா கிடந்த பழைய மானிட்டரை கிச்சன்ல மாட்டுனேன். அன்னைக்கே ஆரம்பிச்சது. ஹால் டிவில படத்தைப் போட்டா டயலாக் எல்லாம் தெளிவா கேக்குது, ஸ்க்ரீன் மட்டும் கறுப்பு.

ஆப்தான் கெட்டுப்போச்சுன்னு அழிச்சு மறுபடி போட்டேன், கேபிள் மாத்தினேன், ஸ்டிக்கை ரீசெட் கூட பண்ணேன், எதுவும் வேலைக்காகல. ஆனா மெனு நல்லா தெரியுது, நம்ம போன்ல எடுத்த வீடியோவும் ஓடுது, காசு கட்டிப் பார்க்கிற படம் மட்டும்தான் கறுப்பு. அதுலயும் சப்டைட்டில் வெள்ளை எழுத்தா ஓடிட்டே இருக்கு! அப்போ டிவியும் கேபிளும் நல்லாத்தான் இருக்கு, படத்தை மட்டும் எதுவோ தடுக்குதுன்னு புரிஞ்சது.

ஒருநாள் அம்மா கேட்டாங்க, "ஏங் கண்ணு, நான் கிச்சன் டிவியைப் போட்டாத்தானே ஹால்ல கறுப்பாகுது?" கவனிச்சுப் பார்த்தா அதேதான். அந்த கன்வர்ட்டரை ஸ்ப்ளிட்டர்ல இருந்து உருவுன உடனே ஹால்ல படம் வந்துருச்சு, சொருகுனா மறுபடி போயிருச்சு.

காரணம், படத்தை யாரும் காப்பி எடுக்காம இருக்க வெச்ச எச்டிசிபின்னு ஒரு பூட்டு. படம் ஓடுறதுக்கு முன்னாடி ஸ்டிக், தனக்கு அடுத்து இருக்கிற ஒவ்வொரு கருவிகிட்டயும் உனக்கு அனுமதி இருக்கான்னு கேக்கும். விஜிஏங்கறது பழைய அனலாக் முறை, அதுல அந்தப் பூட்டு வேலையே செய்யாது. ஸ்ப்ளிட்டர் ரெண்டு பக்க பதிலையும் சேர்த்துத்தான் சொல்லும், அதனால ஒரு பக்கம் இல்லைன்னாலும் நல்ல டிவியிலயும் படம் நின்னுரும். சத்தத்துக்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லாததால அது மட்டும் வந்துட்டே இருக்கு. லேப்டாப்ல ரெண்டு ஸ்க்ரீன்லயும் ஒரே படம் வர்ற மாதிரி வெச்சாலும் இதே கதை வரலாம், அப்போ விண்டோஸ் கீயும் P-யும் சேர்த்து அமுக்கி, பூட்டுக்கு ஒத்துக்கிற ஸ்க்ரீனை மட்டும் வெச்சுப் பாருங்க.

இப்போ ஸ்ப்ளிட்டரை எடுத்துட்டு ஸ்டிக்கை நேரா டிவில சொருகிட்டேன், கிச்சனுக்கு செகண்ட் ஹேண்ட்ல ஒரு சின்ன டிவி, அதுக்குத் தனியா ஒரு ஸ்டிக். வாங்குறப்போ எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கான்னு மட்டும் பார்த்து ஏமாந்துராதீங்க, பழைய சில மாடல்ல ஓட்டை இருக்கும், எச்டிசிபி இருக்காது. கடையிலயே ஸ்டிக்கை மாட்டி ஒரு கட்டணப் படத்தை ஓட்டிப் பார்த்துட்டுத்தான் காசு குடுத்தேன். 4கே வேணும்னா எச்டிசிபி 2.2 இருக்கான்னும் கேட்டுக்கங்க.

மழைக்காலத்துல கரண்ட் போயி வந்தா எப்பவாவது அந்தக் கறுப்பு எட்டிப் பார்க்கும். டிவியை முதல்ல ஆன் பண்ணிட்டு, ஸ்டிக்கோட பவரை உருவி ஒரு நிமிஷம் கழிச்சு சொருகினா அந்த அனுமதி கேக்குற பேச்சுவார்த்தை புதுசா நடந்து படம் வந்துருது.