சோயா பாலா, பாதாம் பாலா: பசும்பாலுக்கு எது ஈடு?

ஒரு டம்ளர் பசும்பால், அதாவது 200 மில்லி, சுமார் 6 கிராம் புரதமும் 240 மில்லிகிராம் கால்சியமும் தரும். இதை அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

புரதத்தில் சோயா பால் ஏறக்குறைய சமம்தான். தண்ணீர் அதிகம் சேர்க்காததாக இருந்தால் டம்ளருக்கு 6 கிராம் வரை கிடைக்கும். உடம்புக்குத் தேவையான அமினோ அமிலங்கள் எல்லாமே அதில் உண்டு.

பாதாம் பால் அப்படி இல்லை. பாதாமில் புரதம் நிறைய இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் பாக்கெட்டில் பாதாம் எவ்வளவு? பொருள்பட்டியலைப் பாருங்கள், பலவற்றில் 2 அல்லது 3 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் கெட்டிப்படுத்தும் பொருள், சிலவற்றில் சர்க்கரை. அதனால் டம்ளருக்கு 1 கிராம் புரதம்தான் தேறும். வீட்டில் 10 பாதாமை அரைத்து வடிகட்டினாலும் 2 கிராம் தாண்டுவது கடினம். வளரும் குழந்தைக்குப் பசும்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கால்சியத்தில் இரண்டுமே இயல்பாகப் பின்தங்கியவை. வீட்டில் எடுத்த சோயா பாலில் டம்ளருக்கு 50 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். கடைப் பாக்கெட்டில் 240 என்று போட்டிருந்தால், அது தனியாகச் சேர்த்த கால்சியம் கார்பனேட் போன்ற உப்பு. அது அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் கால்சியத்தில் ஒரு பகுதி பெட்டியிலேயே தங்கிவிடும். காலியான பெட்டியை வெட்டிப் பார்த்தால், அடியில் வெள்ளை வண்டல் ஒட்டியிருப்பது தெரியும்.