ஸ்டாக் இல்லாத வியாபாரமும் எங்கள் வீட்டு பீரோவும்

போன வாரம் என் மச்சினன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: “மாமா, நீங்க பண்றீங்களே அந்த டி-ஷர்ட் வியாபாரம், ஸ்டாக்கே வாங்கி வைக்க வேண்டாமாமே, நானும் ஆரம்பிக்கட்டுமா?” கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் கூரியர் தம்பி இரண்டு பொட்டலங்களை வாசலில் வைத்துவிட்டு “ரிட்டர்ன் சார்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவனுக்கு ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேலாக இதை ஓட்டிக்கொண்டிருக்கிறேன், வேலைக்குப் போய்க்கொண்டே, மாலை நேரத்தில்.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிசைன் நம்முடையது, கடைப் பக்கம் நம்முடையது, ஆர்டர் வந்த பிறகு அச்சிடும் நிறுவனம் ஒரே ஒரு சட்டையையோ மக்கையோ அச்சடித்து நம் பெயரிலேயே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடும். நாம் துணியைத் தொடுவதே இல்லை. இப்படித்தான் விளம்பரத்தில் சொல்வார்கள், அதில் பொய்யும் இல்லை. ஆனால் இன்றைக்கு எங்கள் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க டி-ஷர்ட். என் மனைவியின் பட்டுப்புடவைகள் மேலே ஏறிவிட்டன, அதைப் பற்றி வாரம் ஒருமுறை பேச்சு வரும்.

அத்தனையும் கேஷ் ஆன் டெலிவரியில் போய்த் திரும்பி வந்தவை. “வீட்டில் ஆள் இல்லை”, “வாங்க மறுத்துவிட்டார்”, “போன் எடுக்கவில்லை”. கூரியர் பக்கத்தில் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். சாதாரணத் துணிக்கடைக்காரருக்குத் திரும்பி வந்த சட்டை பெரிய விஷயமில்லை, மடித்து மறுபடி அடுக்கில் வைப்பார், மறுநாள் இன்னொருவர் வாங்குவார். எனக்கு வந்தது கறுப்பு நிறம், எக்ஸ்எல், நெஞ்சில் “தூக்கம் வருது, அப்புறம் பேசலாம்” என்று எழுதியது. அதே நிறத்தில், அதே அளவில், அதே வாசகத்தை இன்னொருவர் கேட்கும் வரை அது பீரோவில்தான் தூங்கும்.

கணக்கைப் பார்த்தால்தான் வலி புரியும். அந்தச் சட்டையின் விலை 599 ரூபாய். சட்டைக்கும் அச்சுக்கும் சேர்த்து 320, அனுப்ப 75, சிஓடி கட்டணம் 40, அந்த ஒரு ஆர்டரைப் பிடிக்க விளம்பரத்துக்கு ஏறக்குறைய 70. வரி வித்தியாசத்துக்கு ஒரு பத்து ரூபாய் தள்ளினால் கையில் நிற்பது 84. அதே சட்டை திரும்பி வந்தால்? 320 போனது, போன வழிக் கூலி 75 போனது, விளம்பரக் காசு 70 போனது, திரும்பி வரும் கூலி இன்னொரு 70. மொத்தம் 535. அதாவது ஆறு சட்டை விற்ற லாபத்தை ஒரே ஒரு திரும்பிய சட்டை விழுங்கிவிட்டு, ஏழாவதிலும் கொஞ்சம் கை வைக்கும். முதல் தீபாவளிக்கு நிறைய ஆர்டர் வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், மாதக் கடைசியில் கணக்கு எழுதினால் கைக்காசு போயிருந்தது.

அச்சிடும் நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. அச்சு கோணலாக இருந்தால், கறை இருந்தால் படம் எடுத்து அனுப்பினோமானால் வேறு அடித்துத் தருகிறார்கள். வாடிக்கையாளர் மனம் மாறினாலோ அளவு சேரவில்லை என்றாலோ அது நம் தலைவலி, அவர்கள் விதிமுறையில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். ஆர்டர் வந்ததும் தானாக அச்சுக்குப் போகிற வசதியை அணைத்தேன். சிஓடி என்றால் முதலில் வாட்ஸ்அப்பில் முகவரியையும் அளவையும் கேட்டு உறுதி செய்வேன், 100 ரூபாய் முன்பணம் வந்த பிறகுதான் அச்சுக்குத் தள்ளுவேன். அளவு என்றால் எஸ், எம், எல் என்ற எழுத்து இல்லை. வீட்டில் போடுகிற சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் எத்தனை அங்குலம் என்று கேட்பேன். ஆர்டர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. “100 ரூபாய்க்குக்கூட எங்களை நம்ப மாட்டீங்களா” என்று திட்டும் விழுந்தது. ஆனால் திரும்பி வருவது மாதத்துக்கு ஒன்று இரண்டு என்று சுருங்கிவிட்டது. போன வாரம் வந்த இரண்டும் முன்பணம் கட்டியவர்களுடையவைதான் என்பது வேறு கதை, அதனால்தான் இத்தனை கோபம்.

சரி, தரம் எப்படி என்று கேட்பீர்கள். நான் எனக்கே ஆர்டர் போட்டு வாங்கிய முதல் கறுப்புச் சட்டையை இன்னும் போடுகிறேன். மை நேராகத் துணியில் இறங்கும் டிடிஜி அச்சு அது. வெளுத்திருக்கிறது, ஆனால் பழைய சட்டை வெளுப்பது போல மெதுவாக, அழகாகவே வெளுத்திருக்கிறது. பிலிமில் அச்சடித்துச் சூட்டில் ஒட்டும் டிடிஎஃப் சட்டை முதல் நாளில் பளிச்சென்று இருந்தது, இப்போது உட்கார்ந்தால் மடிகிற வயிற்றுப் பக்கம் விரிசல் விட்டிருக்கிறது. என் வயிற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

கறுப்புச் சட்டையில் இரண்டு விஷயம் நான் அடிபட்டுக் கற்றது. டிடிஜியில் கறுப்புத் துணிமேல் நேராக நிறம் ஏறாது. முதலில் ஒரு திரவம் தெளித்துச் சூடு காட்டி, அதன்மேல் வெள்ளை அடித்து, அந்த வெள்ளைமேல்தான் நிறங்கள். அந்தத் திரவம் சில சமயம் நெஞ்சில் செவ்வகமாக மங்கல் கறை விட்டு, லேசான வினிகர் வாடையோடு வரும். “யாரோ போட்டுக் கழற்றியதை அனுப்பியிருக்கீங்க” என்று ஒரு அம்மா எனக்குப் போன் செய்து வாங்கு வாங்கென்று வாங்கினார். ஒரு தரம் அலசினால் இரண்டும் போய்விடும், இப்போது அதை வாங்கும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது, எழுத்துக்குப் பின்னால் மெல்லிய நிழல் போடும் பழக்கம். திரையில் ஜோராகத் தெரியும். ஆனால் அரைகுறையாகத் தெரிகிற புள்ளிக்கும் இயந்திரம் அடியில் வெள்ளை அடிக்கும், அதனால் நிழல் இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு தீற்றியது போல ஒரு மூட்டம் வரும். நிழலை எடுத்துவிட்டுக் கூர்மையான விளிம்போடு கொடுத்தால் தொல்லை இல்லை.

தமிழ் எழுத்து தனிக் கதை. மக்கில் பெயர் போட்டுத் தரும் வசதிக்கு வாடிக்கையாளரே கட்டத்தில் பெயரைத் தட்டச்சு செய்யலாம். ஒருவர் ‘கோமதி’ என்று அடித்தார், திரையில் சரியாகவே வந்தது. மக்கில் கொம்பு ‘க’வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. அச்சுக்கூட மென்பொருளுக்குத் தமிழில் கொம்பு முன்னே வர வேண்டும் என்று தெரியவில்லை, யூனிகோடில் வந்த வரிசையில் அப்படியே அடித்துத் தள்ளிவிட்டது. அறுபதாம் கல்யாணத்துக்கு வாங்கிய மக். அவர் திட்டவில்லை, “பரவாயில்லை தம்பி” என்றார், அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றோடு அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டேன். பெயரை வாங்கி நானே அமைத்து, எழுத்தாக இல்லாமல் படமாக, 300 டிபிஐயில் அனுப்புகிறேன். ஒரு பெயருக்கு ஐந்து நிமிடம் ஆகிறது.

இத்தனை புலம்பலுக்கு நடுவே ஒன்று மட்டும் என்னை ஆச்சரியப்படுத்தியது. மளிகைச் சீட்டுப் பேடு. சும்மா விளையாட்டாகப் போட்டது, 50 தாள், மேலே பிள்ளையார் சுழி, கீழே சாமான் பெயர்கள், பக்கத்தில் அளவு எழுதக் கோடு. முதல் டிசைனில் அரிசியில் ஆரம்பித்திருந்தேன். வாங்கிய ஒருவர் “மஞ்சளை முதலில் எழுதாமல் யாராவது சீட்டு எழுதுவாங்களா?” என்று எழுதினார். நியாயம்தானே, என் அம்மாவும் மஞ்சளில்தான் ஆரம்பிப்பாள், எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? மாற்றினேன். அவரே மூன்று மாதம் கழித்து மறுபடி நான்கு பேடு வாங்கினார், பேடு தீர்ந்துவிட்டதாம். டி-ஷர்ட்டில் மூன்று மாதத்தில் அதே ஆள் அதே பொருளுக்குத் திரும்பி வந்ததே இல்லை. இதற்கு அளவு கிடையாது, நிறம் கிடையாது, உடையாது, முன்பணமும் தகராறில்லாமல் வந்துவிடுகிறது.

ஆனால் இதில்தான் வேடிக்கை. ஒற்றைப் பேடாக அச்சிட்டால் 110 ரூபாய் ஆனது, கூரியரும் சேர்ந்தால் யார் வாங்குவார்கள்? அதனால் எங்கள் ஊர் அச்சகத்தில் நேரே போய் 100 பேடு ஒன்றாகப் போட்டேன், ஒன்று 32 ரூபாய்க்கு முடிந்தது. இரண்டு பேடு சேர்த்து 199 ரூபாய், கூரியர் 50 போனாலும் 85 நிற்கிறது. ஒரு சட்டையின் லாபம், அதுவும் திரும்பி வராத சட்டையின் லாபம். ஆக, ஸ்டாக் இல்லாத வியாபாரம் பீரோவை நிரப்பியது, காசு வருவதோ கட்டிலுக்கடியில் ஸ்டாக்காக வைத்திருக்கிற பேடில். டிசைன் ஓடுமா என்று பார்க்க ஒன்றிரண்டு அச்சடித்துத் தருகிறவர்கள் இல்லாமல் இருந்தால் அந்தப் பேடும் பிறந்திருக்காது, அதையும் சொல்ல வேண்டும். நூறு பேடைக் கண்ணை மூடிக்கொண்டு முதலிலேயே போட எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

மச்சினனுக்கு ஒன்று மட்டும் தனியாக. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பதாக இருந்தால் விற்பனை எத்தனை சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பெங்களூரில் இருக்கும் உன் நண்பர்களை நம்பித்தான் ஆரம்பிக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும், அதை முதலில் முடித்துக்கொள்.

ஆரம்பிக்கலாமா என்றால், வேண்டாம்டா. இது என் பதில். சட்டையில் இறங்காதே, சிஓடியில் சத்தியமாக இறங்காதே. இப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே கடைப் பக்கத்தின் வருடச் சந்தா முடிகிறது என்று மெயில் வந்தது, மூன்றாம் வருடத்துக்கும் கட்டிவிட்டேன். ஏன் என்று கேட்காதே, பொங்கலுக்கு ஒரு வாசகம் தோன்றியிருக்கிறது, கறுப்புச் சட்டையில் நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. கீழ்த்தட்டில் உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள், எக்ஸ்எல் மட்டும் பதினொன்று இருக்கிறது. உனக்கு எல் தான் சரியாக இருக்கும், கொஞ்சம் தொளதொள என்று போட்டுக்கொள், இப்போது அதுதானே ஃபேஷன்.