பாக்கெட் பருப்பா, தை மாதத்துப் பருப்பா: எதன் தேதியை நம்புவது?

சர்க்கரை, உப்பு, பருப்பு மூன்றின் பாக்கெட்டிலும் தேதி இருக்கிறது. ஆனால் மூன்றிலும் அதற்கு ஒரே பொருள் இல்லை.

சர்க்கரைக்கு அது சம்பிரதாயம். காய்ந்த சர்க்கரையில் கிருமி வளராது. கட்டியானால் உடைத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பன்னாட்டு உணவுத் தரமான கோடெக்ஸும் சர்க்கரைக்கும் அயோடின் சேர்க்காத உப்புக்கும் தேதியைக் கட்டாயமாக்கவில்லை. அயோடின் சேர்த்த உப்பிலும் குறைவது அந்த அயோடின் மட்டுமே. ஈரம் பட்டால் அது இன்னும் சீக்கிரம் குறையும். மூடி இறுக்கமான டப்பா போதும்.

பருப்புதான் சிக்கல். அதுவும் நன்றாகக் காய்ந்திருந்தால் எளிதில் கெடாது, ஆனால் கிழடாகும். வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் பெக்டின் இறுகி, எத்தனை விசில் விட்டாலும் நடுப்பகுதி கரகரவென்றே நிற்கும். பாக்கெட்டின் தேதி இதைக் காட்டாது. அது பருப்பைப் பொட்டலம் போட்ட நாளிலிருந்து எண்ணுகிறது. துவரை அறுத்த நாளிலிருந்து அல்ல. கிடங்கில் ஓராண்டு கிடந்த பருப்பும் நேற்றுப் பொட்டலம் போட்டிருந்தால் புதுப் பருப்பாகத்தான் தெரியும்.

அதனால்தான் நான் தர்மபுரிச் சந்தைக்குத் தை, மாசியில் புதுத் துவரை வரும்போது தெரிந்த வியாபாரியிடம் உடைத்த பருப்பாக ஆண்டுக்கும் வாங்கிவிடுகிறேன். எப்போது அறுத்தது என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்கும். வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகே டின்னில் கொட்டுவேன். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோக்கும். பாக்கெட்டின் வசதியை மறுக்கவில்லை. மாதம் அரைக் கிலோ தீரும் வீட்டுக்கு அதுவே சரி. மொச்சை, கொள்ளு போன்ற முழுப் பயறுகளை ஆண்டுக்கணக்கில் வைத்த அனுபவம் எனக்கு அதிகம் இல்லை. வண்டு அவற்றைத்தான் முதலில் தேடி வரும்.

பருப்பு வேகாவிட்டால் உடனே அதைப் பழிக்காதீர்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியமே பருப்பை இறுக்கிவிடும். உண்மையைக் கண்டுபிடிக்க, இரண்டு கிண்ணங்களில் பழைய பருப்பையும் புதுப் பருப்பையும் ஒரே அளவு எடுத்து, ஒரே தண்ணீர் ஊற்றி, ஒரே குக்கரில் வையுங்கள். உப்பும் புளியும் வேண்டாம். புதியது குழைந்து பழையது நின்றால் வயதுதான் காரணம். இரண்டுமே நின்றால் ஒகேனக்கல் குடிநீரில் ஒருமுறை வேகவைத்துப் பாருங்கள்.

பூசண வாடை அடித்தாலோ, கையில் ஈரம் ஒட்டினாலோ, தேதி பாக்கி இருந்தாலும் கொட்டிவிடுங்கள். வெறுமனே கிழடான பருப்பை வறுத்துப் பருப்புப் பொடிக்கு அரைக்கலாம். அங்கே அது வேக வேண்டிய அவசியமில்லை.